ஒரே அட்டை, மூன்று கட்டணம்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் கூட்டங்களில் அமர்கிற மெட்ரோ, மாநகரப் பேருந்து, தெற்கு ரயில்வே அதிகாரிகளுக்கு,

இந்த நகரத்தில் புறநகர் ரயில், மெட்ரோ, பேருந்து மூன்றிலும் மாறி மாறிப் போய் வருகிறவர்களில் நானும் ஒருவன். உங்களில் ஒருவருக்கு மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் மற்றவரின் மேசைக்குத் தள்ளப்படும் என்பது தெரியும். மெட்ரோவிடம் கேட்டால் பேருந்துக் கட்டணம் எங்கள் கையில் இல்லை என்பார்கள். பேருந்துக் கழகத்திடம் கேட்டால் அரசாணை வேண்டும் என்பார்கள். ரயில்வேயிடம் கேட்டால் டெல்லியைக் காட்டுவார்கள். மூன்று பதிலும் உண்மைதான். அதனால்தான் மூவரும் சேர்ந்து உட்காரும் இடத்துக்கு இதை எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். சிங்காரச் சென்னை அட்டை என்ற பெயரில் நீங்கள் கையில் கொடுத்திருக்கும் தேசியப் பொதுப் பயண அட்டை, இன்று எங்கள் பணத்தை ஒன்றாக்கியிருக்கிறது, பயணத்தை ஒன்றாக்கவில்லை. மெட்ரோவில் இறங்கிப் பேருந்தில் ஏறினால் இரண்டையும் சேர்த்து ஒரே பயணமாகக் கணக்கிடும் கட்டணம் வேண்டும். அட்டையில் அதற்கு வழி இருக்கிறது. கட்டணப் பட்டியலில்தான் இல்லை.

செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லும் கடிதம் அல்ல இது. 2019 மார்ச்சில் அகமதாபாத்தில் பிரதமர் இந்த அட்டையைத் தொடங்கிவைத்தபோது ‘ஒரே நாடு, ஒரே அட்டை’ என்றார்கள். சென்னை மெட்ரோவில் 2023 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி மூலம் அது வந்தது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்து நடத்துநரின் டிக்கெட் மெஷினும் அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. மெட்ரோ தன் பழைய பயண அட்டையைக் கைவிட்டுப் பயணிகளை இந்த அட்டைக்கு மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ செயலியும் வந்தது. இரண்டு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே அட்டையைப் படிப்பது சின்ன வேலை இல்லை. பல நகரங்கள் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை.

ஆனால் ‘தொழில்நுட்பம் இன்னும் தயாராகவில்லை’ என்று ஒரு பதில் அடிக்கடி வருகிறது. அதை ஏற்க முடியாது என்பதற்கு, அட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை உங்கள் முன்னாலேயே சொல்லிப் பார்க்கிறேன். உங்களில் தொழில்நுட்பப் பிரிவினருக்கு இது பாடம் போலத் தோன்றலாம். நிதிப் பிரிவினர் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இந்த அட்டைக்குப் பணம் வைக்க இரண்டு பைகள் உண்டு. ஒன்று வங்கியின் கணினியில் இருக்கிறது. இன்னொன்று அட்டையின் சிப்பிலேயே இருக்கிறது. அதில் அதிகபட்சம் 2,000 ரூபாய் வைக்கலாம். மெட்ரோ கேட் பார்ப்பது சிப்பில் உள்ள பணத்தை மட்டும்தான். வங்கியைக் கூப்பிட்டுக் கேட்க அதற்கு நேரம் கிடையாது. காலை எட்டரை மணிக்கு, பின்னால் முப்பது பேர் நிற்கும்போது அரை நொடிக்குள் கதவு திறந்தாக வேண்டும். சுரங்க நிலையத்திலும் நெரிசலான பேருந்திலும் நெட்வொர்க்கை நம்ப முடியாது. அதனால்தான் கடையில் நாம் பழகிய யுபிஐ போல இல்லாமல், பணமே சிப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வடிவமைத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தைக் கவுன்டரில் நிற்கும் உங்கள் ஊழியர்களிடம் கேளுங்கள். வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் 500 ரூபாய் போட்டுவிட்டு ஒருவர் வருகிறார். கேட்டில் அட்டையை வைத்தால் போதிய பணம் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிகிறது. போனில் பணம் போய்விட்டதாகச் செய்தி இருக்கிறது. அதை எடுத்துக் காட்டிச் சண்டை பிடிக்கிறார். அவர் போட்ட பணம் வங்கியின் பையில்தான் இருக்கிறது. அதைச் சிப்புக்கு மாற்ற, அந்த வசதியுள்ள ஒரு கருவியிலோ போனிலோ அட்டையை ஒருமுறை வைத்து எடுக்க வேண்டும். இரண்டு வரியில் சொல்லக்கூடிய இந்தச் செய்தி அட்டையோடு வரும் தாளில் பளிச்சென்று இருந்தால் தினமும் நடக்கும் பாதி வாக்குவாதம் குறையும். சிப்பில் இருப்பது கைப்பணம் போன்றது, அட்டை தொலைந்தால் அதுவும் போனதுதான் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். வங்கிக்குப் போன் செய்து அட்டையை முடக்கிவிட்டால் எல்லாப் பணமும் பத்திரம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கோரிக்கைக்கு முக்கியமானது சிப்பின் இன்னொரு பகுதி. பணத்தைத் தவிர, பயணக் குறிப்பு எழுதவும் அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாப் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் பொதுவான இடம் ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் பாஸ், சலுகை முதலியவற்றை எழுதிக்கொள்ளத் தனித்தனி இடங்கள். நீங்கள் கிண்டி மெட்ரோவில் உள்ளே நுழையும்போது கேட் அந்தச் சிப்பில் ‘கிண்டி, இத்தனை மணி’ என்று எழுதுகிறது. நந்தனத்தில் வெளியே வரும்போது அங்குள்ள கேட் அதைப் படித்து, தூரத்தைக் கணக்கிட்டு, பணத்தைக் கழிக்கிறது. இரண்டு கேட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. சிப்பில் உள்ள குறிப்புதான் இடையில் தூது போகிறது. அப்படியானால், நந்தனத்தில் வெளியேறிய நேரம் என்ன என்பதை அடுத்து ஏறும் பேருந்தின் டிக்கெட் மெஷினும் படிக்கும்படி செய்யலாம். தேவைப்படுவது, குறிப்பை எந்த இடத்தில், எந்த வடிவத்தில் எழுதுவது என்று மெட்ரோவும் பேருந்துக் கழகமும் செய்துகொள்ளும் உடன்பாடு. அதைத் திறக்கும் சாவியைப் பகிர்ந்துகொள்வது. இரண்டு மென்பொருளிலும் கொஞ்சம் வேலை. சோதித்துப் பார்க்க மாதங்கள் ஆகலாம், ஒத்துக்கொள்கிறேன். புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

இப்போது ஒரு பயணத்தைப் பார்ப்போம். குரோம்பேட்டையில் குடியிருக்கும் ஒருவர் ராயப்பேட்டை பக்கம் ஒரு கடையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறநகர் ரயிலில் கிண்டி வருகிறார். கிண்டியில் மெட்ரோ ஏறி நந்தனத்தில் இறங்குகிறார். அங்கிருந்து சாதாரணப் பேருந்து. ரயிலுக்கும் பேருந்துக்கும் உள்ளதிலேயே குறைந்த கட்டணத்தையே போடுகிறேன்: ரயிலுக்கு 5 ரூபாய், பேருந்துக்கு 5 ரூபாய். மெட்ரோவில் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் ஐந்து கிலோமீட்டர் வரை 20 ரூபாய். அட்டைக்கு 20 சதவீதத் தள்ளுபடி போக 16. மொத்தம் 26 ரூபாய். ஒரு வழிக்கு 26 ரூபாய் என்ன பெரிய பணமா என்று கேட்கலாம். தொகை எவ்வளவு என்பதைவிட அது எப்படிச் சேர்ந்தது என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் எல்லாருடைய கட்டணமும் ஒரே மாதிரியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஏறியவுடன் வரும் முதல் சில கிலோமீட்டர்தான் விலை அதிகம். தூரம் போகப் போகக் கிலோமீட்டருக்கான விலை குறைந்துகொண்டே போகும். மெட்ரோவில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 10 ரூபாய். 21 கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாய்தான். நியாயமான முறைதான். ஆனால் வண்டி மாறும் ஒவ்வொரு முறையும் பயணி மறுபடியும் பூஜ்யம் கிலோமீட்டரில் நிறுத்தப்படுகிறார். விலை அதிகமான அந்த முதல் கிலோமீட்டர்களை அவர் மூன்று முறை வாங்குகிறார். ஒரே மெட்ரோவில் அதே தூரம் போகிறவர் ஒருமுறைதான் வாங்குகிறார். குரோம்பேட்டைக்காரர் வேண்டுமென்றா மூன்று வண்டி மாறுகிறார்? அவர் வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு நேரான வண்டி இல்லை. பாதையை வகுத்தவர்கள் நீங்கள். ‘பேருந்தில் நிலையத்துக்கு வாருங்கள், அங்கிருந்து ரயில் பிடியுங்கள்’ என்று சொல்கிறவர்களும் நீங்கள். உங்கள் திட்டத்தின்படி நடப்பவர்தான் கூடுதலாகக் கட்டுகிறார். இருசக்கர வாகனத்தில் நேராகப் போகிறவர் கட்டுவதில்லை.

அந்த 20 சதவீதத் தள்ளுபடியையும் பாருங்கள். அது மெட்ரோ தன் பயணிக்குத் தருவது. அதே அட்டையைப் பேருந்தில் வைத்தால் மெட்ரோவிலிருந்து வந்தவர் என்பது நடத்துநரின் மெஷினுக்குத் தெரியாது. முழுக் கட்டணத்தையும் கழித்துச் சீட்டு வந்து விழும். அட்டையால் பேருந்துப் பயணிக்குக் கிடைக்கும் ஒரே லாபம் சில்லறை தேட வேண்டாம் என்பது. சென்னைப் பேருந்தில் அது பெரிய நிம்மதிதான். ஆனால் அதற்காக மட்டும் யாரும் வங்கி அட்டை ஒன்றைத் தனியாக வாங்கி, பணம் போட்டு, சிப்பில் ஏற்றிக்கொண்டு திரிய மாட்டார்கள். பேருந்தில் அட்டையை நீட்டுகிறவர்கள் ஏன் குறைவு என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

‘சென்னை ஒன்று’ செயலியில் எல்லாம் ஒரே கியூஆரில் வந்துவிட்டதே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். மூன்று வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் அதனால் போனது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே கியூஆர் என்பதும் ஒரே கட்டணம் என்பதும் வேறு வேறு. மூன்று டிக்கெட்டை ஒரு திரையில் வரிசையாகக் காட்டி, கீழே கூட்டுத்தொகை போட்டால் பயணி மறுபடியும் மூன்று தொடக்கக் கட்டணங்களைத்தான் கட்டுகிறார். மேலும், போனில் சார்ஜ் இல்லாதவரும் சாதாரண போன் வைத்திருப்பவரும் அந்தத் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். அட்டை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி ரயில்வே அதிகாரிகளிடம் தனியாகக் கொஞ்சம். மற்ற இருவரைவிட உங்கள் பக்கம் சிக்கல் அதிகம் என்பது தெரியும். மெட்ரோ நிலையத்துக்குள் கேட் வழியாகத்தான் போக முடியும். மாம்பலத்திலோ கிண்டியிலோ கேட்டே கிடையாது. படிக்கட்டு, நடைமேம்பாலம், சந்தை என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஐந்து ரூபாய் டிக்கெட்டைச் சரிபார்க்க அங்கே கேட் கட்டினால், கேட்டின் விலைக்கு எத்தனை ஆண்டு டிக்கெட் விற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கேட் இல்லாமல் நடைமேடையில் அட்டை படிக்கும் கம்பங்களை மட்டும் நட்டால் வேறொரு தொல்லை. ஏறும்போது அட்டையை வைத்தவர் இறங்கும் அவசரத்தில் வைக்க மறந்துவிடுவார். அவர் எங்கே இறங்கினார் என்பது அட்டைக்குத் தெரியாது. அதிகபட்சக் கட்டணத்தைக் கழித்தால் சண்டை, விட்டுவிட்டால் நஷ்டம்.

அதைவிடப் பெரிய காரணம் சீசன் டிக்கெட். தாம்பரம் தடத்திலோ கும்மிடிப்பூண்டி தடத்திலோ தினமும் வருகிறவர்கள் பெரும்பாலும் சீசன் வைத்திருப்பவர்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து, பத்து என்று கழிக்கும் பணப்பை அவர்களுக்கு எதற்கு? சீசன் காகிதத்திலோ போனிலோ இருக்கும்வரை பொது அட்டை அவர்களின் சட்டைப்பைக்குப் போகாது. நிறுவனத்துக்கென்று சிப்பில் ஒதுக்கியிருக்கும் இடத்தில் சீசனை எழுதினால் போகும். டிக்கெட் பரிசோதகரின் கையில் ஒரு படிப்பான் இருந்தால் போதும். கேட்டும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். புறநகர் ரயிலில் இந்த அட்டைக்கு முதல் வேலை இதுவாகத்தான் இருக்க முடியும் என்பது என் எண்ணம். ஒற்றைப் பயணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கட்டணத்தைத் தொட ரயில்வே வாரியத்தைக் கேட்க வேண்டும். சீசனை எதில் எழுதித் தருவது என்பதற்கும் அனுமதி வேண்டியிருக்கலாம். ஆனால் இதில் ஒரு பைசா வருமானம் குறையாது என்பதால் கேட்பது சுலபம்.

மும்பையிலும் இதே கதைதான். மெட்ரோ பாதைகளுக்கும் பெஸ்ட் பேருந்துக்கும் பொது அட்டை வந்துவிட்டது. நகரத்தின் உயிர்நாடியான புறநகர் ரயிலின் நிலையங்கள் திறந்தே கிடக்கின்றன, சீசன்காரர்கள் தங்கள் வழியில் போகிறார்கள். மெட்ரோவும் பேருந்தும் கையில் இருந்தாலும் புறநகர் ரயில் சேராதவரை ‘பொது’ என்ற சொல்லுக்கு அங்கேயும் இங்கேயும் பாதி அர்த்தம்தான்.

வெளியூர் என்றவுடன் ‘நாடு முழுக்கச் செல்லும்’ என்ற விளம்பரம் ஞாபகம் வருகிறது. டெல்லி மெட்ரோவின் விமான நிலையப் பாதையில் 2020 டிசம்பரிலேயே இந்த அட்டை முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. சென்னையில் வாங்கிய அட்டையை அங்கே கேட்டில் வைத்தால் கதவு திறப்பதற்கு என்ன வேண்டுமோ அது சிப்பில் இருக்கிறது. அங்கே செல்லுவது பணம் மட்டும்தான். இங்குள்ள பாஸ் இங்கேதான், அங்குள்ள சலுகை அவர்கள் விதிப்படிதான். பேருந்து என்றால் அதுவும் நிச்சயமில்லை. வேறொரு மாநிலத் தலைநகரில் நடத்துநர் ஒருவர் என் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ‘இது பேங்க் கார்டு, பஸ் கார்டு இல்லை’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் கொடுத்திருந்த மெஷின் அப்படி.

அவர் சொன்னதில் ஓர் உண்மையும் இருந்தது. இது வங்கி அட்டைதான். மேலே உங்கள் சின்னம் அச்சிட்டிருந்தாலும் பணத்துக்குப் பொறுப்பு அதைக் கொடுத்த வங்கி. 2024இல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிமீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வங்கி கொடுத்த பயண அட்டைகளில் மார்ச் 15க்குப் பிறகு புதிதாகப் பணம் போட முடியாது என்றானது. இருக்கும் பணத்தைப் பயணத்தில் செலவழிக்கலாம். இன்னொரு வங்கியின் அட்டைக்கு மாற்ற முடியாது. அட்டையில் கோளாறு இல்லை, கேட்டிலும் கோளாறு இல்லை; பயணி மட்டும் புது அட்டை தேடி அலைய வேண்டியிருந்தது. சென்னைப் பயணிக்கு அப்படி ஒரு நாள் வந்தால் எந்தக் கவுன்டரில் போய் நிற்பது? மெட்ரோவிலா, வங்கியிலா, பேருந்துக் கழகத்திலா? இப்போதே எழுதி வையுங்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், அடையாளச் சான்று சரிபார்ப்பு இல்லாமலே 3,000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளக்கூடிய, பயணத்துக்கு மட்டுமான அட்டைகளைக் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆதார் எண்ணும் ஓடிபியும் கேட்டால் திரும்பிப் போய்விடும் கட்டடத் தொழிலாளிக்கும் வெளியூர்க்காரருக்கும் கவுன்டரிலேயே கையில் கொடுக்கக்கூடிய அட்டை அது. ஒன்று மட்டும்: அதில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். மாறிச் செல்லும் பயணத்துக்குச் சேர்த்துக் கட்டணம் வசூலிப்பது எங்கோ பேசப்படும் கனவு அல்ல. சிங்கப்பூரில் 2010 ஜூலையிலிருந்து பேருந்தும் ரயிலும் சேர்ந்து ஒரே தூரமாகக் கணக்கிடப்படுகின்றன. ஒன்றிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் கிலோமீட்டர் தொடர்ந்து ஓடும், புதிதாகத் தொடங்காது. அங்கே பேருந்து நடத்துவது ஒரு நிறுவனம் மட்டுமல்ல, ரயிலும் அப்படியே. வசூலான பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் கணக்கு பின்னால் நடக்கிறது. பயணிக்கு அது தெரிய வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், வண்டி மாறுவதற்குத் தனியாகக் காசு என்பதை அவர்கள் மறந்தே போயிருப்பார்கள்.

சிங்கப்பூர் அளவுக்கு உடனே போகச் சொல்லவில்லை. அங்கே பேருந்திலிருந்து இறங்கும்போதும் அட்டையை வைக்கிறார்கள். நம் மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் அதை எதிர்பார்ப்பது வீண். இங்கே நடத்துநர் இறங்குமிடத்தைக் கேட்டு, மெஷினில் தேர்ந்தெடுத்து, பிறகுதான் அட்டையை வைக்கச் சொல்கிறார். எனவே தூரத்தைச் சேர்த்துக் கணக்கிடுவதற்குப் பதில், எளிய விதி ஒன்று போதும். மெட்ரோவிலிருந்து வெளியேறி 45 நிமிடத்துக்குள் பேருந்தில் அட்டையை வைத்தால் 5 ரூபாய் குறையும். பேருந்தில் அட்டையை வைத்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மெட்ரோவில் நுழைந்தால், வெளியேறும்போது கழிக்கும் தொகையில் 5 ரூபாய் குறையும். பேருந்தில் ஏறும்போது மட்டுமே நேரம் பதிவாவதால் அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கணக்கு இவ்வளவுதான். மேலே சொன்ன குரோம்பேட்டைக்காரருக்கு நந்தனத்தில் ஏறும் சாதாரணப் பேருந்து அன்றைக்கு இலவசமாகிவிடும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்காமல் திட்டத்தை அறிவித்துவிடாதீர்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அட்டைக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே பேருந்திலிருந்து மெட்ரோவுக்கு மாறும் பெண் பேருந்தில் வந்தவர் என்பது மெட்ரோ கேட்டுக்குத் தெரியாது. அட்டையை வைத்து ஏறிய ஆணுக்கு 5 ரூபாய் குறையும். பக்கத்தில் நின்று வந்த பெண்ணுக்குக் குறையாது. விருப்பமுள்ள பெண்கள் பூஜ்ய ரூபாய்க்கு அட்டையை வைத்துச் சீட்டு வாங்க வழி செய்தால் இது தீரும். விருப்பமுள்ளவர்கள் என்பதில் அழுத்தம் வைக்கிறேன். இலவசப் பயணத்துக்கு அட்டை கட்டாயம் என்று யாராவது மேசையில் சொன்னால் தயவுசெய்து அதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள் கை வீசிக்கொண்டு ஏறிப் போவதுதான் அந்தத் திட்டத்தின் வெற்றி.

நஷ்டத்தை யார் ஏற்பது என்பதில்தான் இது நின்றுபோகும் என்று தெரியும். நிறுத்திவிடாதீர்கள், ஓர் இடத்தில் சோதித்துப் பாருங்கள். கிண்டி, ஆலந்தூர், கோயம்பேடு மூன்று மெட்ரோ நிலையங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இந்த விதியை நடத்துங்கள். மெட்ரோவிலிருந்து பேருந்துக்கு எத்தனை பேர் மாறினார்கள், தள்ளுபடி எவ்வளவு போனது, புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் உங்கள் கணினியிலேயே பதிவாகும். தள்ளுபடித் தொகையை மெட்ரோவும் பேருந்துக் கழகமும் சரிபாதியாக ஏற்கட்டும், அல்லது அரசு ஈடு செய்யட்டும். பெண்களின் கட்டணமில்லாப் பயணத்துக்குக் கழகத்துக்கு அரசு ஈடு செய்கிற வழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. முடிவில் அந்தக் கணக்கைப் பொதுவில் வெளியிடுங்கள். நஷ்டம்தான் என்று காட்டினால் எங்களுக்கும் வாதம் இருக்காது.

முதலில் மெட்ரோவும் பேருந்தும் போதும் என்று சொல்வதற்குக் காரணம், இரண்டின் கட்டணத்தையும் சென்னையிலேயே பேசி முடிக்க முடியும் என்பதுதான். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அது கைமாறும்போது அந்த நிலையங்களில் கேட் போடுவீர்கள், புதிய கட்டணம் வகுப்பீர்கள். அந்தக் கட்டணத்தை வகுக்கும் நாளில் மாறிச் செல்லும் விதி ஏற்கெனவே எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்று ஐந்து ரூபாய் கொடுத்து வேளச்சேரியிலிருந்து வருகிறவர்கள், நான்காவது தொடக்கக் கட்டணம் ஒன்றைச் சந்திப்பார்கள்.

எனவே உங்கள் அடுத்த கூட்டத்தின் நிரலில் மூன்று தலைப்புகளைச் சேர்க்கக் கேட்கிறேன். மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் இடையே 5 ரூபாய் மாறுகைத் தள்ளுபடி, மூன்று நிலையங்களில் ஆறு மாதச் சோதனை. தெற்கு ரயில்வே சீசனை அட்டையின் சிப்பில் எழுதித் தர வாரியத்துக்கு ஒரு கடிதம். அட்டை தொலைந்தாலோ வங்கி முடங்கினாலோ பயணி யாரிடம் போக வேண்டும் என்று ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு தொலைபேசி எண். முதலாவதற்கு மட்டுமாவது தேதி குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்படிக்கு,
கிண்டியில் தினமும் வண்டி மாறும் ஒரு பயணி